புதிய சீருடை பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

ஈரோடு
14.3.2025

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் ஜூன் முதல் நம் பள்ளியின் சீருடை மாறுகிறது என்ற சுற்றறிக்கை சென்ற வாரம் உங்கள் கைக்கு வந்திருக்கும். அந்த அரைப் பக்கத்தில் நிறமும் தேதியும் மட்டுமே இருந்தன, காரணம் இல்லை. பள்ளி வாசலில் என்னை நிறுத்திக் கேட்டவர்கள் பலர். கோபத்தோடு கேட்டவர்களும் உண்டு, அது நியாயமான கோபம். சீருடைக் குழுவில் பெற்றோர் தரப்பில் இருக்கும் மூவரில் நானும் ஒருத்தி என்பதால் நடந்ததை முழுவதுமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகள் இங்கே ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தையல் என் தொழில். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புதிய சீருடையில் ஒன்றைக்கூட என் கடையில் தைக்க மாட்டேன். குழுவில் சேர்ந்த அன்றே தலைமை ஆசிரியையிடம் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பரில் முதல் கூட்டம். ஆளுக்கொரு நிறம் சொன்னோம். ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். பிள்ளைகள் உடுத்திக் கழித்த பழைய சீருடைகளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றேன். இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டு உருப்படிகள் வந்து சேர்ந்தன. அவற்றை நூலக மேசையில் விரித்துப் போட்டோம்.

பார்த்தவுடனேயே பாதிப் பேச்சு முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. நான்கு மாதத்தில் வெள்ளை பழுப்பாகிவிடுகிறது, பிறகு எவ்வளவு நீலம் போட்டாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கிறது. பையன்களின் சட்டைகளில் அக்குள் தையல் பிரிந்து, அதன்மேல் கைத்தையல் போட்டு, அதுவும் பிரிந்திருந்தது. தோள் அகலத்தை இறுக்கமாக வெட்டி, உள்ளே துணியே விடாமல் தைத்தால் வேறு என்ன ஆகும்? வளரும் பிள்ளைக்குத் தைக்கும் துணி அப்படி இருக்கக் கூடாது.

பெண்பிள்ளைகளின் சட்டைகள் பன்னிரண்டு. அவற்றில் ஒன்பதில் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே சின்னச் சின்னத் துளைகள். தினமும் ஊக்குக் குத்தியதால் விழுந்தவை. ஒரு சட்டையின் உள்பக்கம், இடுப்புக்குக் கீழே, பூப்போட்ட தலையணை உறைத் துணியில் கையகலப் பை ஒன்றை யாரோ ஒரு தாய் தைத்திருந்தார். பழைய சீருடையில் அந்தப் பிள்ளைக்குக் காசும் கைக்குட்டையும் வைக்க இடமே இல்லை என்பதால் அவர் தைத்த பை அது. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன். நான்காக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று சலவையில் கரைந்து ஒட்டிக்கிடந்தது. அந்தத் தாய் யாரென்று எனக்குத் தெரியாது. புதிய சீருடையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டு பக்கமும் ஆழமான பை வைத்திருப்பதற்கு அவர்தான் காரணம்.

வெள்ளை வேண்டாம் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஐப்பசி மழையில் ஒருநாள் என் மகள் புத்தகப் பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டு வீடு வந்தாள். ஏன் என்று கேட்டேன். "சட்டை நனைஞ்சிடுச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். பெண்பிள்ளை பெற்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. மாதத்தில் சில நாட்களில் பின்பக்கம் கறை பட்டிருக்குமோ என்ற பயத்திலேயே வகுப்பில் எழுந்து பதில் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியைகளும் சொன்னார்கள். படிக்க வந்த பிள்ளையின் மனம் உடுப்பைக் காப்பதிலேயே செலவாகிறது என்றால் அந்த உடுப்பை மாற்றித்தான் ஆக வேண்டும்.

அதன்பிறகு துணி. விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் நாம். பொங்கலுக்கு அரசு கொடுக்கும் வேட்டி சேலைகளை நம் பக்கத்துத் தறிகளில் நெய்கிறார்கள். இந்த ஊரில் இருந்துகொண்டு, இவ்வளவு நாள் எங்கோ தைத்து அட்டைப் பெட்டியில் வரும் சட்டையைப் பிள்ளைகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தோம். மூன்று வகைத் துணி வாங்கி, வகைக்கு இரண்டு பிள்ளைகளாக ஆறு பேருக்குத் தைத்துக் கொடுத்து, ஆறு வாரம் உடுத்தச் சொன்னோம். பாலியஸ்டரும் விஸ்கோஸும் கலந்த துணி பார்க்க அழகாக இருந்தது, சுருக்கமும் விழவில்லை. ஆனால் வியர்வையை வாங்கவில்லை; கழுத்தில் வேர்க்குரு கிளம்பிவிட்டது என்று இரண்டு பிள்ளைகளின் வீட்டிலிருந்தும் சொன்னார்கள். முழுப் பருத்தியே என் விருப்பம். அது முதல் சலவையிலேயே நீளத்தில் ஒன்றரை அங்குலம் சுருங்கியது, தினமும் இஸ்திரி கேட்டது. காலை ஆறு மணிக்கு வேலைக்குக் கிளம்பும் தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். என் விருப்பத்தை நானே விட்டுக்கொடுத்தேன். பருத்தி 60 பங்கு, பாலியஸ்டர் 40 பங்கு கலந்த துணிதான் நின்றது. நனைத்துக் காயவைத்து வெட்டச் சொல்லியிருக்கிறோம், இனிச் சுருங்கினாலும் கொஞ்சம்தான் சுருங்கும்.

நிறத்தில் முதலில் தவறினோம். வெளிர் மஞ்சளை ஏறத்தாழ முடிவே செய்துவிட்டோம். கடைசி நேரத்தில் ஆசிரியை ஒருவர் மாதிரித் துணியின்மேல் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். அடியில் இருந்த செய்தித்தாளின் எழுத்தை வாசிக்க முடிந்தது. அதே சோதனையை மற்றவற்றுக்கும் செய்தோம். சாம்பல் நிறத் தரையில் கருநீலச் சிறு கட்டம் போட்ட துணி தேறியது. கட்டம் போட்ட துணியில் மைக்கறையும் சட்டென்று கண்ணில் படாது. கால்சட்டை கருநீலம்.

ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் அரைக்கைச் சட்டையும், இடுப்பில் எலாஸ்டிக் வைத்த முக்கால் கால்சட்டையும். கேரளத்தில் எறணாகுளம் மாவட்டத்தில் உள்ள வளயஞ்சிறங்கரை தொடக்கப் பள்ளியில் மாணவர், மாணவியர் எல்லாருக்கும் இப்படித்தான். சின்னப் பெண்கள் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்த எவருக்கும் இதன் தேவை புரியும். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் முழுக் கால்சட்டை. மேலே, பெண்பிள்ளைகள் இடுப்பளவுச் சட்டையோ முழங்கால் வரை வரும் குர்தாவோ எது வேண்டுமானாலும் அணியலாம். குர்தாவின் மேல் கோட்டும் போட்டுக்கொள்ளலாம். தலையில் முக்காடு இடும் பிள்ளைகள் கருநீலத்திலோ வெள்ளையிலோ இட்டுக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் எங்களிடம் வந்து பேசியபோது, "எங்களுக்கு எது வசதி என்று எங்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள்" என்றார்கள். தாவணி மாதிரி மேலே துணி கட்டாயம் வேண்டும் என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

டை கிடையாது, பெல்ட் கிடையாது. சித்திரையில் நம் ஊரில் அடிக்கும் வெயிலுக்குக் கழுத்தை இறுக்கிக் கட்டச் சொல்ல எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு டை, பெல்ட் சேர்த்து ஒரு செட் ரூ.1,450. அதையும் ஒரே கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. காரணம், சட்டைப் பையிலேயே பள்ளிச் சின்னத்தைப் பின்னியிருந்தார்கள். இனி அந்தச் சின்னம் தனி வில்லையாக அலுவலகத்தில் 15 ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டில் ஊசி நூலால் தைத்துக்கொள்ளலாம். சட்டை சின்னதானால் பிரித்து அடுத்த சட்டையில் வைக்கலாம். துணியை எந்தக் கடையிலும் வாங்குங்கள், எந்தத் தையற்காரரிடமும் கொடுங்கள். கடைவீதியில் நான்கு இடங்களில் விசாரித்ததில் அதே அளவுக்குத் துணியும் கூலியும் சேர்த்து 850லிருந்து 900 ரூபாய்க்குள் முடிகிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களில் சேர்ந்த பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். அவர்களுக்கு வகுப்பறை ஒன்றுதான், ஆனால் நம் பள்ளியில் சீருடைச் செலவு அந்தந்த வீட்டின் தலையில்தான் விழுகிறது. காமராஜர் முதலமைச்சராக இருந்த காலத்தில் மதிய உணவோடு சேர்த்துச் சீருடையைப் பற்றியும் யோசித்தார்கள் என்றால், உடுப்பைப் பார்த்து ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமை தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். சீருடையே கடன் வாங்க வைக்குமானால் அந்த எண்ணமே தலைகீழாகிவிடும்.

பழைய மாணவர்கள் சிலர் வருத்தத்தோடு எழுதியிருந்தார்கள். வெள்ளையும் நீலமும் அவர்களுடைய பள்ளி நாட்களின் நிறம். அந்த வருத்தம் உண்மையானது. ஆகவே கருநீலத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம், சின்னத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை.

இந்த ஆண்டே எல்லாரும் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2027 ஏப்ரல் வரை பழைய சீருடையிலும் வரலாம். எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்தக் கூடாது என்று தலைமை ஆசிரியை ஆசிரியர்களிடம் சொல்லிவிட்டார். அண்ணன் உடுத்தியது தம்பிக்கு ஆகுமானால் ஆகட்டும். வீட்டில் யாருக்கும் ஆகாத நல்ல சீருடை இருந்தால் துவைத்து நூலகத்தில் கொடுங்கள். தேவைப்படுகிறவர்கள் பெயர் எழுதாமல் எடுத்துக்கொள்ளலாம்.

தைக்கக் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களைத் தயவுசெய்து சொல்லிக் கொடுங்கள். கால்சட்டையின் கால் பக்கம் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைக்க வேண்டும், சட்டையின் இரண்டு பக்கவாட்டிலும் ஒரு அங்குலத் துணி விட வேண்டும். சில இடங்களில் துணியை மிச்சம் பிடிக்க இதைச் செய்ய மாட்டார்கள், கேட்டு வாங்குங்கள். அவிழ்த்து விட்டால் இன்னொரு வருடம் ஓடும்.

மாதிரிச் சீருடைகள் எல்லா அளவிலும் அலுவலக அறையில் தொங்குகின்றன. மார்ச் 22, 29 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை பத்து முதல் ஒரு மணி வரை நான் அங்கே இருப்பேன். பிள்ளையையும் அழைத்து வாருங்கள், போட்டுப் பார்க்கட்டும், கையைத் தூக்கிப் பார்க்கட்டும், உட்கார்ந்து எழுந்து பார்க்கட்டும். எங்காவது பிடித்தால் சொல்லுங்கள். வெட்டு அளவுத் தாளை ஏப்ரல் முதல் வாரத்தில்தான் தையற்காரர்களுக்குக் கொடுக்கப் போகிறோம். அதுவரை திருத்த முடியும்.

அன்புடன்,
சீருடைக் குழு உறுப்பினர் (பெற்றோர் தரப்பு)
ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியின் தாய்