இயல் 5: முடிவுகள், வரையறைகள், பரிந்துரைகள்

5.1 முன்னுரை

ஈராசிரியர் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை ஐந்தாம் வகுப்பு மாணவர்களோடு சோடி சேர்த்துத் தினமும் 20 நிமிடம் வாசிக்க வைத்தால் வாசிப்புச் சரளம் கூடுமா என்பதே இந்த ஆய்வின் கேள்வி. கிடைத்த எண்களை நான்காம் இயலில் அட்டவணைகளாகத் தந்தேன். அவற்றை எவ்வளவு நம்பலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை இங்கே சொல்கிறேன். முந்தைய இயல்களில் 'ஆய்வாளர்' என்று எழுதியவள், இந்த இயலில் 'நான்' என்றே எழுதுகிறேன். வரப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை என்னுடையவை. அவற்றை 'ஆய்வாளர்' என்று யாரோ ஒருவர் தலையில் கட்டுவது சரியாகப் படவில்லை. வழிகாட்டியும் இதற்கு இசைந்தார்.

5.2 கண்டறிந்தவை

தருமபுரி மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில் 6 அரசுத் தொடக்கப்பள்ளிகள், 54 மூன்றாம் வகுப்புக் குழந்தைகள். சோதனைக் குழுவில் 28 பேர், கட்டுப்பாட்டுக் குழுவில் 26 பேர். காலம், 2023 ஜூலை 10 முதல் செப்டம்பர் 15 வரை பத்து வாரம்.

நிமிடத்துக்குச் சரியாக வாசித்த சொற்களின் சராசரி, சோதனைக் குழுவில் 21இலிருந்து 34 ஆனது. கட்டுப்பாட்டுக் குழுவில் 22இலிருந்து 29 ஆனது. உயர்வில் உள்ள வேறுபாடு 6 சொற்கள். 0.05 நிலையில் அது பொருளுடையதாக இருந்ததால் முதல் இன்மைக் கருதுகோள் மறுக்கப்பட்டது. வாசித்ததைப் புரிந்துகொள்வதற்கான ஐந்து வினாத் தேர்வில் இரு குழுக்களும் ஏறக்குறைய அரை மதிப்பெண் உயர்ந்தன. குழுக்களுக்கிடையே வேறுபாடு இல்லை. இரண்டாம் இன்மைக் கருதுகோள் அப்படியே நின்றது.

இதோடு நிறுத்தினால் ஆய்வு பாதி வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் பள்ளிவாரியாகப் பிரித்துப் பார்த்ததும் கதை மாறுகிறது. சோதனைக் குழுவின் மூன்று பள்ளிகளில் உயர்வு 19, 11, 9 சொற்கள். கட்டுப்பாட்டுப் பள்ளிகளில் 8, 7, 6. அந்த 19, நான் பணிபுரியும் பள்ளி. அதை நீக்கிவிட்டால் சோதனைக் குழுவின் சராசரி உயர்வு 10 ஆகக் குறைகிறது. குழுக்களுக்கிடையே 3 சொற்கள்தான் மிஞ்சுகின்றன, அதுவும் பொருளுடையதாக இல்லை.

5.3 ஆய்வின் வரையறைகள்

5.3.1 என் பள்ளியும் நானும்

என் பள்ளியைச் சேர்த்தது வசதிக்காக. அனுமதி எளிது, குழந்தைகள் தெரிந்தவர்கள், போக்குவரத்துச் செலவில்லை. அந்த வசதிக்கான விலைதான் மேலே உள்ள 19. பத்து வாரத்தில் என் பள்ளியில் 43 அமர்வுகள் நடந்தன. மற்ற இரண்டில் 31, 27. ஆக, அதிக உயர்வுக்குக் காரணம் அதிக அமர்வுகளா, ஆய்வு வெல்ல வேண்டும் என்று தவித்த ஆசிரியையா என்பதை இந்தத் தரவை வைத்துப் பிரிக்க முடியாது.

மற்றப் பள்ளிகளில் அமர்வுகள் குறைந்ததற்கு யாரையும் குறை சொல்வதற்கில்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போனால் மிச்சமிருப்பவரிடம் ஐந்து வகுப்புகளும் ஒரே நேரத்தில் வந்து சேரும். எமிஸ் பதிவு, வங்கி வேலை, குறுவள மையக் கூட்டம் என ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு முதலில் விடுபடுவது இந்த 20 நிமிடம்தான்.

5.3.2 'பழம்' யார் காதில் எப்படி விழுந்தது

ஆய்வின் மிகப் பெரிய ஓட்டை இது என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முன்தேர்வை நானே மதிப்பிட்டேன். 'பழம்' என்பதைக் குழந்தை 'பளம்' என்று வாசித்தால் பிழை என்று குறித்தேன். 'மழை', 'கிழவி', 'வாழை' எல்லாவற்றுக்கும் அதே கதி. என் சார்பு கலந்துவிடக் கூடாது என்று பின்தேர்வை வேறொரு ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அவர் அந்த ஒன்றியத்திலேயே பிறந்து வளர்ந்தவர். குழந்தை வீட்டில் பேசுகிறபடி 'பளம்' என்கிறது, எழுத்தை அடையாளம் கண்டுகொண்டதே, அதைப் பிழை என்பானேன் என்று சரியாகவே கணக்கில் சேர்த்துவிட்டார். இருவரும் முன்கூட்டியே உட்கார்ந்து ஒரு விதி பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தேர்வு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது தற்செயலாகத்தான் தெரியவந்தது.

முன்தேர்வின் ஒலிப்பதிவு 12 குழந்தைகளுடையது மட்டுமே மிஞ்சியிருந்தது (கைபேசியில் இடம் நிறைந்துவிட்டதால் மற்றவர்களைப் பதிவு செய்யவில்லை). அந்த 12 பேரின் இரு தேர்வுகளையும் ஒரே விதியில் மறுமதிப்பீடு செய்தேன். அவர்களின் உயர்வு சராசரியாக 3 சொற்கள் குறைந்தது. இந்தக் குளறுபடி இரு குழுக்களையும் ஒன்றுபோல் பாதித்திருக்க வேண்டும் என்பதால் குழுக்களுக்கிடையிலான வேறுபாடு அதிகம் கெட்டிருக்காது. ஆனால் '21இலிருந்து 34' என்ற எண்ணை யாரும் தனியாக எடுத்து மேற்கோள் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது ஊதிப் பெருத்த எண்.

வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குழந்தைகள் இரு குழுக்களிலும் இருந்தார்கள். எத்தனை பேர் என்று முறையாகக் கணக்கெடுக்கவில்லை. அதுவும் குறைதான்.

5.3.3 நடுவில் வந்த மாற்றங்கள்

ஆய்வின் ஏழாம் வாரக் கடைசியில், 2023 ஆகஸ்ட் 25 அன்று, முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. எங்கள் அமர்வு காலை வழிபாடு முடிந்ததும் தொடங்கும். அதற்கு முன்பு அந்த நேரத்தில் பாதிப் பேர் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். உணவு வந்தபின் வாசலில் நமக்கு முன்னால் நிற்கிறார்கள். பசி இல்லாத வயிறு வாசிப்பைக் கூட்டியிருக்கும் என்று ஊகிக்கலாம், எவ்வளவு என்று அளக்கவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைப் பயிற்சிகளும் ஆறு பள்ளிகளிலும் நடந்துகொண்டிருந்தன. கட்டுப்பாட்டுக் குழு 7 சொற்கள் உயர்ந்ததில் அதற்கும் இயல்பான வளர்ச்சிக்கும் பங்கு இருக்கும்.

அப்புறம், கட்டுப்பாட்டுப் பள்ளி ஒன்றின் ஆசிரியை குறுவள மையக் கூட்டத்தில் எங்கள் வாசிப்பு அட்டைகளைப் படம்பிடித்துக்கொண்டு போய்த் தன் வகுப்பில் பயன்படுத்தியிருக்கிறார். நல்ல ஆசிரியை செய்கிற வேலையைத்தான் செய்தார். ஆனால் அதன்பின் அந்தப் பள்ளியைக் கட்டுப்பாட்டுப் பள்ளி என்று முழுமனதோடு சொல்ல முடியவில்லை.

5.3.4 புள்ளியியல்

குழுக்களைப் பள்ளிவாரியாகப் பிரித்துவிட்டு, t-சோதனையை மட்டும் குழந்தைவாரியாகச் செய்தேன். ஒரே வகுப்பறையில் ஒரே ஆசிரியரிடம் படிப்பவர்கள் ஒருவரையொருவர் சாராத 54 தனி அலகுகள் ஆக மாட்டார்கள். உண்மையில் என்னிடம் இருந்தவை 6 அலகுகள். எனவே நான்காம் இயலின் பொருளுடைமை மிகைப்படுத்தப்பட்டது. பள்ளிகளைக் குலுக்கல் முறையிலும் தேர்ந்தெடுக்கவில்லை, தலைமையாசிரியர்கள் இசைந்த பள்ளிகளே சோதனைக் குழுவாயின. தாமதப் பின்தேர்வு நடத்தாததால் இந்த உயர்வு காலாண்டு விடுமுறையைத் தாண்டியதா என்பதும் தெரியாது.

5.4 கல்விசார் உட்கருத்துகள்

மேற்கண்டவற்றை எல்லாம் கழித்தபின் என்ன மிஞ்சுகிறது? முறையாக நடந்த இடத்தில் சோடி வாசிப்பு தீங்கு செய்யவில்லை, சரளத்துக்கு ஓரளவு உதவியிருக்கலாம். இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆனால் புரிதல் உயராததைத் தோல்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அதுதான் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. ஒரு சிறுமி ஆட்டுக்குட்டிக் கதை அட்டையை ஒரு தடங்கலும் இல்லாமல் வாசித்து முடித்தாள். "ஆடு எங்கே போச்சு?" என்று கேட்டேன். "எந்த ஆடு டீச்சர்?" என்றாள். எழுத்துக்கூட்டுவதில் இருந்த கவனம் முழுக்க வேகத்துக்குப் போயிருந்தது, கதைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. நான் கொடுத்த நெறிமுறையும் அப்படித்தான் இருந்தது. மூத்த சோடிகளுக்குப் பிழை திருத்தச் சொல்லிக் கொடுத்தேன், கேள்வி கேட்கச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் அட்டையிலிருந்த படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டான். படத்தைப் பார்த்து ஊகித்துவிடுகிறானாம் சின்னவன். வாசித்து முடித்ததும் கையை எடுத்துவிட்டு, "இப்பப் பாரு, நீ படிச்சது இதுல இருக்கா?" என்று கேட்டான். நான் நெறிமுறையில் எழுதத் தவறியதை அவனாகவே செய்துகொண்டிருந்தான். மற்ற சோடிகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாம். ஆய்வின் நடுவில் முறையை மாற்றக் கூடாது என்று விட்டுவிட்டேன். ஆய்வாளராக அது சரி, ஆசிரியையாக இன்றும் உறுத்துகிறது.

5.5 பரிந்துரைகள்

இவற்றில் முதலிரண்டுக்கு என் தரவு ஓரளவு துணை நிற்கிறது. மூன்றாவது 11 ஆண்டு வகுப்பறை அனுபவத்திலிருந்து வரும் கருத்து. அப்படியே எடுத்துக்கொள்ளவும்.

ஆசிரியர்களுக்கு: சோடி வாசிப்பை முயன்று பார்க்கலாம், செலவு 40 அட்டைகள்தான். ஒவ்வொரு அட்டைக்குப் பிறகும் மூத்த சோடி ஒரு கேள்வியாவது கேட்கட்டும். வாரம் ஐந்து நாளும் நடக்காது என்று தெரிந்தால் மூன்று நாள் என்று திட்டமிட்டு அந்த மூன்றையும் நடத்துங்கள்.

வாசிப்பை மதிப்பிடும் எவருக்கும்: ழ, ள, ல, ர, ற, ண, ன உச்சரிப்பு வேறுபாடுகளை எப்படிக் கணக்கில் கொள்வது என்ற விதியை மதிப்பீட்டுத் தாளிலேயே அச்சிட வேண்டும். குழந்தையின் வட்டாரப் பேச்சைப் பிழையாக எண்ணக் கூடாது என்பது என் நிலைப்பாடு. அதை ஏற்காதவர்களும் முன், பின் இரண்டு தேர்விலும் ஒரே விதியையே பின்பற்ற வேண்டும்.

கல்வித் துறைக்கு: இந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு சுற்றறிக்கை எதுவும் அனுப்ப வேண்டாம். 6 பள்ளிகளின் முடிவு 38 மாவட்டங்களுக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அனுப்பினால் அது இன்னொரு பதிவேடாகவும் இன்னொரு எமிஸ் பதிவாகவும் மாறி, அந்த 20 நிமிடத்தையே தின்றுவிடும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன்படி 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். எண்ணிக்கைக்கு அது சரி, வகுப்புகள் ஐந்து என்பதை அது பார்ப்பதில்லை. ஓர் ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் நாளில் வட்டார வள மையத்திலிருந்து மாற்று ஆசிரியர் ஒருவர் வர ஏற்பாடு செய்தால், எந்தப் புதிய முறைக்கும் அது செய்யும் உதவி பெரிது.

5.6 மேலாய்வுக்கு

குறைந்தது 30 பள்ளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஆய்வாளர் பணிபுரியும் பள்ளியைத் தவிர்த்து, பள்ளியையே அலகாகக் கொண்டு இதை மறுபடி செய்ய வேண்டும். எல்லாத் தேர்வுகளையும் ஒலிப்பதிவு செய்து, எந்தக் குழு என்று அறியாத இருவர் தனித்தனியே மதிப்பிட வேண்டும். கேள்வியோடு கூடிய சோடி வாசிப்பையும் கேள்வியில்லாததையும் ஒப்பிட்டால் புரிதல் பற்றிய என் ஊகம் சரியா என்று தெரிந்துவிடும்.

இந்த ஆய்வில் நான் அளக்கவே அளக்காதவர்கள் ஐந்தாம் வகுப்பு மூத்த சோடிகள். தினம் 20 நிமிடம் தங்கள் படிப்பை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்கள். அதனால் அவர்களுக்கு நன்மையா, இழப்பா என்று என்னிடம் ஓர் எண்கூட இல்லை. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா, "எம் பொண்ணு சொல்லிக் குடுக்குறா சரி, அவளுக்கு யாரு டீச்சர் சொல்லிக் குடுக்குறது?" என்று கேட்டார். அடுத்து இதை ஆய்வு செய்பவர் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.