இலவச மருத்துவப் பரிசோதனை முகாமுக்கு மண்டப வாடகையைக் குறைத்துத் தரக் கோரி

09.02.2026

பெறுநர்:
மண்டப மேலாளர் அவர்கள்

ஐயா,

வணக்கம். சென்ற வியாழக்கிழமை மாலை மண்டபத்தைப் பார்க்க வந்த மூவரில் நானும் ஒருத்தி. வேலை நேரம் முடிந்த பிறகும் நீங்கள் சாவியை எடுத்து வந்து, பின்பக்க அறை வரை திறந்து காட்டினீர்கள். அதற்கு முதலில் நன்றி. வாடகை விவரத்தைச் சொன்னபோது நாங்கள் மூவரும் பேசாமல் நின்றதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அன்று வாய்விட்டுக் கேட்கத் தயங்கியதை இந்தக் கடிதத்தில் கேட்கிறேன்.

வரும் மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதிக் குடியிருப்போர் சேர்ந்து ஒரு இலவச முகாம் நடத்துகிறோம். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் ஆகிய மூன்றையும் மட்டும் பார்க்கிறோம். மருத்துவர்கள் இருவரும் கண் பரிசோதகர் ஒருவரும் ஊதியம் வாங்காமல் வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம். பதிவுக் கட்டணம் கிடையாது. மருந்து விற்பனை, மூக்குக் கண்ணாடி விற்பனை, விளம்பர மேசை எதுவும் கிடையாது. எந்தக் கட்சியின் பதாகையும் இருக்காது.

முழு நாள் வாடகையில் பாதியை மட்டும் பெற்றுக்கொண்டு, காலை 6.30 முதல் பிற்பகல் 1.30 வரை மண்டபத்தைத் தர முடியுமா என்பதே எங்கள் கோரிக்கை.

இதை மரத்தடியிலோ பந்தலிலோ நடத்தக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். போன முறை அப்படித்தான் நடத்தினோம். கண் பார்க்கும் எழுத்துப் பலகையைப் பந்தல் காலில் கட்டியிருந்தோம். காற்றில் அது ஆடிக்கொண்டே இருந்ததால், யாருக்குக் கண் சரியில்லை, யாருக்குப் பலகை நிற்கவில்லை என்று பரிசோதகருக்கே புரியவில்லை. அந்தப் பலகைக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் இடையே 6 மீட்டர் நேர்த்தூரம் வேண்டும். பந்தலில் அந்தத் தூரத்துக்குள் நான்கு பேர் குறுக்கே நடந்துகொண்டிருந்தார்கள். ரத்த அழுத்தமும் அப்படித்தான். பார்ப்பதற்கு முன் 5 நிமிடமாவது சாய்ந்து, பேசாமல், காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். வெயிலில் வரிசையில் நின்று வந்த ஒரு அம்மாவுக்கு முதலில் அளவு மிக அதிகமாகக் காட்டியது. அவர் பயந்துபோய்விட்டார். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துத் திரும்பப் பார்த்தபோது நன்றாகவே இறங்கியிருந்தது. அன்று இன்னும் எத்தனை பேரை இப்படி வீணாகப் பயமுறுத்தி அனுப்பினோமோ என்ற உறுத்தல் இன்றும் எங்களுக்கு இருக்கிறது.

உங்கள் மண்டபத்தில் இந்தச் சிக்கல்கள் இல்லை. சுவரோடு சுவராக நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். நீளவாட்டில் 6 மீட்டர் தாராளமாகக் கிடைக்கிறது. அன்று அடி போட்டு அளந்து பார்த்தேன். விழித்திரையைப் பார்ப்பதற்காக மருந்து விட்டால் பாவை விரிய அரை மணி நேரம் வரை ஆகும்; பார்வை தெளியச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை வெளிச்சம் கூசும். அப்படிப்பட்டவர்கள் கூட்டிப்போக ஆள் வரும்வரை உட்கார்ந்திருக்க அந்தப் பின்பக்க அறை போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, வாசலில் படிக்குப் பக்கத்திலேயே சாய்தளம் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவரை நான்கு பேர் தூக்க வேண்டியதில்லை.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 46 வீடுகளில் திரட்டிய தொகையைத் தவிர எங்களிடம் வேறு பணம் இல்லை. முழு வாடகை கொடுத்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மிச்சத்தில் 150 பேருக்குத்தான் சர்க்கரைப் பட்டையும் ஊசியும் வாங்க முடியும். வாடகை பாதியானால் 300 பேருக்கு வாங்கலாம். நீங்கள் குறைத்துத் தருவதில் ஒரு காசுகூட வேறு செலவுக்குப் போகாது. முகாம் முடிந்த ஒரு வாரத்துக்குள் வரவு செலவுக் கணக்கை ரசீதுகளோடு உங்களிடம் கொண்டுவந்து தருகிறேன்.

உங்கள் பக்கமும் செலவு இருக்கிறது என்பது தெரியும். மின்சாரத்துக்கு மீட்டர் பார்த்துத் தனியாகக் கட்டிவிடுகிறோம், குளிர்சாதனம் போடப்போவதில்லை. முன்பணத்தில் சலுகை கேட்கவில்லை. அதை வழக்கம்போல் முழுமையாகவே கட்டுகிறோம். சேதம் இருந்தால் பிடித்துக்கொள்ளுங்கள். மேடை, ஒலிபெருக்கி, சமையல் கூடம் எதுவும் எங்களுக்குத் தேவையில்லை. கூட்டித் துடைத்து, நாற்காலிகளைப் பழைய இடத்தில் அடுக்கி வைக்க 12 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். ரத்தம் எடுத்த ஊசிகள் துளைபடாத பெட்டியில் சேர்க்கப்பட்டு, அன்றே மருத்துவரோடு திரும்பிப் போகும். உங்கள் குப்பைத் தொட்டியில் பஞ்சுகூட விழாது.

காலையிலேயே தொடங்குவதற்குக் காரணம், வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வருபவர்கள் 8 மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான். அதில் உங்களுக்கும் ஒரு வசதி உண்டு. 1.30 மணிக்குச் சாவி உங்கள் கைக்கு வந்துவிடும். மாலை நிகழ்ச்சிக்கு அன்றே வேறு யாருக்காவது தரலாம். பிப்ரவரி 25-க்குள் 15-ஆம் தேதிக்கு முழு வாடகையில் யாராவது கேட்டு வந்தால், தயங்காமல் கொடுத்துவிடுங்கள். நாங்கள் 22-க்கோ 29-க்கோ மாற்றிக்கொள்கிறோம். மருத்துவர்களிடம் மூன்று தேதிகளையும் சொல்லி வைத்திருக்கிறேன். 25-க்குப் பிறகு துண்டறிக்கை அச்சுக்குப் போய்விடும் என்பதால் மாற்ற முடியாது.

ஒருவருக்குக் குறைத்தால் நாளை எல்லோரும் கேட்பார்களே என்று நிர்வாகக் குழுவில் யாராவது சொல்லக்கூடும். நியாயமான கவலைதான். நுழைவுக் கட்டணமும் விற்பனையும் இல்லாத, அரை நாளில் முடியும், கணக்குக் காட்டும் நிகழ்ச்சிக்கு மட்டும் என்று நிபந்தனை எழுதியே கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறோம். குழுவினர் நேரில் பேச விரும்பினால், எந்த மாலையும் வரத் தயார்.

பாதி என்பது முடியாவிட்டால், உங்களால் இயன்ற அளவைச் சொல்லுங்கள். அதற்கேற்ப எத்தனை பேரைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொள்கிறோம். குறைக்கவே வழியில்லை என்றாலும் மனத்தாங்கல் இல்லை. பிப்ரவரி 20-க்குள் தெரிந்தால் வேறு இடம் தேட அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான். என் தொலைபேசி எண்ணை அன்று உங்கள் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்திருக்கிறேன்.

நீங்கள் சம்மதித்தால், துண்டறிக்கையில் மண்டபத்தின் பெயரை நன்றியோடு குறிப்பிட விரும்புகிறோம், வேண்டாமென்றால் விட்டுவிடுகிறோம். உங்கள் ஊழியர்களும் அவர்கள் வீட்டாரும் முகாமுக்கு வர வேண்டும். அன்று கதவைத் திறந்துவிட்ட காவலர், தனக்குக் கிட்டத்துப் பார்வை மங்கலாக இருப்பதாகச் சொன்னார். அவருக்கு முதல் சீட்டை எடுத்து வைக்கிறேன்.

நேரம் ஒதுக்கி இதைப் படித்தமைக்கு மிக்க நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
க. மீனாட்சி
முகாம் ஏற்பாட்டாளர், குடியிருப்போர் சார்பாக