கார் விலை பற்றி

வணக்கம் சார், நேற்று மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு வந்து பொறுமையாக ஓட்டிப் பார்த்ததற்கு நன்றி. நீங்கள் சொன்ன விலையை வீட்டில் பேசிப் பார்த்தோம், அந்த விலைக்குக் கொடுக்க முடியாது சார். கேட்டதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டீர்கள், அது ரொம்ப அதிகம்.

நீங்கள் காட்டிய குறைகளை நான் மறுக்கவில்லை. பின்பக்க இடது கதவில் கீறல் இருக்கிறது, அது நான் தூணில் உரசியது. முன் டயர் இரண்டும் தேய்ந்திருப்பதும் உண்மை. ஆனால் வண்டி 58,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, முதல் நாளிலிருந்து ஒரே கை, சர்வீஸ் பில் எல்லாம் ஃபைலில் இருக்கிறது, கிளட்ச்சும் பேட்டரியும் போன வருடம்தான் மாற்றினேன். உங்கள் மெக்கானிக்கே இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பானெட்டை மூடினாரே, நான் கவனித்தேன்!

அதனால் இப்படிச் செய்யலாம். இரண்டு டயருக்கும் கதவு பெயின்ட்டுக்கும் ஆகும் செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள், கடையில் விசாரித்துவிட்டே சொல்லுங்கள். அதற்கு மேலும் கொஞ்சம் இறங்கி வருவேன், ஆனால் எவ்வளவு என்பதை நேரில் பேசுவோம், போனில் வேண்டாம். கடன் முடிந்து, வங்கியின் தடையில்லாச் சான்றும் வாங்கி வைத்திருக்கிறேன், பெயர் மாற்றக் கையெழுத்துக்கு எப்போது கூப்பிட்டாலும் வருவேன்.

இன்னொருவரும் பார்க்க வருகிறேன் என்றிருக்கிறார். நீங்கள் முதலில் வந்ததால் ஞாயிறு சாயங்காலம் வரை அவருக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். அதற்குள் ஒரு எண் சொல்லுங்கள் சார்.