பெருக்கல் பயிற்சித்தாள் – திருத்தியது

வகுப்பு 4, வரிசை எண் 17
பாடம்: புள்ளி வரிசையும் பரப்பளவுக் கட்டமும்
மதிப்பெண்: 16 / 20

1. 4 நிரை, ஒவ்வொன்றிலும் 6 புள்ளி. வரைந்து பெருக்கற்பலன் எழுதுக.
விடை: 4 × 6 = 24 ✓ (2/2)
புள்ளிகள் நேர் நேராக இருக்கின்றன, எண்ணவே தேவையில்லை. நன்று.

2. 3 நிரை, நிரைக்கு 7 புள்ளி.
விடை: 3 × 7 = 21 (1½/2)
பலன் சரி. நீ வரைந்திருப்பதோ 7 நிரை, நிரைக்கு 3. தாளைப் பக்கவாட்டில் திருப்பிப் பார், கேட்ட படம் தெரியும். பலன் மாறாததற்கும் அதுதான் காரணம். ஆனாலும் கேள்வியில் எது நிரை என்று வாசித்துவிட்டு வரையணும்மா, அதற்குத்தான் அரை மதிப்பெண் குறைந்தது.

3. 8 × 7. ஐந்தாம் நிரைக்குக் கீழே கோடு போட்டு, இரண்டு பகுதியாகக் கணக்கிடுக.
விடை: 35 + 20 = 55 (2/3)
கோடு சரியான இடத்தில் இருக்கிறது. மேலே 5 × 7 = 35 ✓. கோட்டுக்குக் கீழே நீ வரைந்தது இது:

● ● ● ● ● ● ●
● ● ● ● ● ● ●
● ● ● ● ● ●

கடைசி நிரையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது. சிவப்பு மையில் வைத்திருக்கிறேன். நீ ஒவ்வொன்றாக எண்ணியதால்தான் 20 வந்தது. எண்ணியதில் பிழை இல்லை, வரைந்ததில் பிழை. 3 × 7 உனக்குத் தெரியும், இரண்டாம் கேள்வியில் 21 என்று எழுதியிருக்கிறாயே. 35 + 21 = 56.

4. 1 செ.மீ. கட்டத்தாளில் 12 நீளம், 5 அகலமுள்ள செவ்வகம் வரைந்து, 10, 2 எனப் பிரித்துப் பெருக்குக.
விடை: 50 + 10 = 60 செ.மீ. (2½/3)
இரண்டு பலனையும் கட்டத்துக்கு உள்ளேயே எழுதியது அழகு. நாம் எண்ணியது கோட்டை அல்ல, சதுரங்களை. ஆகவே 60 சதுர செ.மீ.

5. 23 × 14. பரப்பளவுக் கட்டம் வரைந்து, நான்கு பலன்களையும் எழுதிக் கூட்டுக.
விடை:

| × | 20 | 3 |
|---|---|---|
| 10 | 200 ✓ | 30 ✓ |
| 4 | 8 ✗ | 12 ✓ |

200 + 30 + 8 + 12 = 250 ✗ (3/5)

கட்டத்துக்கு ஒவ்வொரு மதிப்பெண், விடைக்கு ஒன்று. கூட்டல் சரிதான், ஆனால் ஒரு கட்டம் தவறியதால் விடையும் போயிற்று.

உன் படத்தையே பார். மிகச் சிறிய கட்டம் வலது மூலையில் இருக்கும் 3 × 4. அதில் 12 இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் நீளமான கட்டம், 20 × 4. அதில் எப்படி 8 மட்டும் இருக்கும்? நீ 2 × 4 பெருக்கிவிட்டாய். மேலே எழுதியிருப்பது 2 அல்ல, 2 பத்துகள். 2 பத்துகளின் 4 மடங்கு 8 பத்துகள், அதாவது 80.

இன்னொரு வழியிலும் சரிபார்க்கலாம். மேல் நிரை இரண்டும் சேர்ந்தால் 23 × 10 = 230. மீதி 23 × 4. உன் கணக்குப்படி அது 20தான் வருகிறது. நான்கு 23 சேர்ந்து ஒரு 23ஐ விடக் குறையுமா?

கட்டத்தை அளவு பார்த்து வரைந்திருக்கிறாய், பெரியது பெரிதாக, சிறியது சிறிதாக. பலன் எழுதியதும் பெரிய கட்டத்தில் பெரிய எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார். வாய்ப்பாடு மறந்தாலும் படம் காட்டிக்கொடுக்கும்.
200 + 30 + 80 + 12 = 322

6. சத்துணவுக் கூடத்துக்கு 12 அட்டை முட்டை வந்தது. ஓர் அட்டையில் 30 முட்டை. மொத்தம் எத்தனை?
விடை: 10 × 30 = 300, 2 × 30 = 60, மொத்தம் 360 முட்டை ✓✓ (5/5)
மிக நன்று! ஓரத்தில் ஓர் அட்டையை வரைந்து 6 × 5 = 30 என்று நீயாகவே எழுதியிருக்கிறாய். யாரும் கேட்கவில்லை. முட்டை அட்டையில் பெருக்கலைக் கண்டுபிடித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. திங்கட்கிழமை இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டு.

பெற்றோருக்கு: இவளுக்கு வாய்ப்பாடு நன்றாகத் தெரியும். பிழை பத்துகளின் இடமதிப்பில். ஆகவே மறுபடி ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம்; கட்டத்தாள் கொடுத்து வரைய விடுங்கள். விடையை நீங்கள் சொல்லாமல், "எந்தக் கட்டம் பெரிசு?" என்று மட்டும் கேளுங்கள்.

திருத்த வேலை: ஐந்தாம் கணக்கை மறுபடி செய். பிறகு கட்டத்தாளில் 26 × 13 வரைந்து நான்கு பலனும் எழுது. இரண்டு கட்டத்தில் ஒரே எண் வரும். நீளமும் அகலமும் வேறாக இருந்தும் எண் ஏன் ஒன்றாக வந்தது என்று கீழே ஒரு வரி எழுதி, திங்கட்கிழமை கொண்டு வா.