நனைந்து வந்த ஆர்ட் பேப்பர்: இழப்பீடு கோரும் கடிதம்

பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

சிவகாசி
5.12.2024

அனுப்புநர்:
மு. செல்வராணி,
உரிமையாளர், ஆஃப்செட் அச்சகம்,
சிவகாசி, விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், கிளெய்ம் பிரிவு,
லாரி சர்வீஸ் தலைமை அலுவலகம், சென்னை.

பொருள்: 11.11.2024 அன்று சென்னையில் புக் செய்யப்பட்ட 200 பாக்கெட் ஆர்ட் பேப்பரில் 118 பாக்கெட் நனைந்து வீணானது – ரூ. 2,21,092 இழப்பீடு கோருதல் – சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007, பிரிவு 16-ன் கீழான எழுத்து மூல அறிவிப்பு.

பார்வை: உங்கள் லாரி ரசீது எண் 48217, நாள் 11.11.2024, எங்கள் மின்னஞ்சல், நாள் 15.11.2024.

ஐயா,

வணக்கம். சென்னையில் உள்ள காகித வியாபாரியிடம் நாங்கள் வாங்கிய 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், 23 x 36 அங்குலம், பாக்கெட்டுக்கு 250 தாள், மொத்தம் 200 பாக்கெட் மேற்படி ரசீதில் உங்கள் சென்னை புக்கிங் அலுவலகத்தில் ஒப்படைக்கப்பட்டது. எடை 3,470 கிலோ. பில் மதிப்பு ஜிஎஸ்டி சேர்த்து ரூ. 3,58,400. வியாபாரிக்கு முழுப் பணமும் கட்டியாகிவிட்டது, சரக்கு எங்களுடையது. லாரி வாடகை ரூ. 10,400-ஐயும் நாங்கள்தான் செலுத்தினோம்.

சரக்கு 14.11.2024 வியாழக்கிழமை காலை எங்கள் குடோனுக்கு வந்தது. தார்ப்பாயை அவிழ்க்கும்போதே அதன் மடிப்பில் தேங்கியிருந்த தண்ணீர் லோடுமேன்கள் தலையில் கொட்டியது. கேபினை ஒட்டிய பக்கத்தில், கயிறு உரசும் இடத்தில், தார்ப்பாய் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலுக்கு நேர் கீழே இருந்த அடுக்குகள் மேலிருந்து அடிவரை நனைந்திருந்தன. லாரியின் தரைப்பலகையில் நின்ற தண்ணீரைப் பக்கத்து அடுக்குகளின் அடிப் பாக்கெட்டுகள் உறிஞ்சியிருந்தன. மதுரை குடோனில் வேறு வண்டிக்கு மாற்றி ஏற்றியதாகவும், அந்த வண்டியின் தார்ப்பாய் முன்பே கிழிந்திருந்ததை அங்கே சொல்லியும் மாற்றுத் தார்ப்பாய் கொடுக்கவில்லை என்றும் உங்கள் ஓட்டுநரே சொன்னார். அவர் மறைக்காமல் சொன்னதற்கு நன்றியுடையவளாக இருக்கிறேன். அதற்காக அவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

டெலிவரி நகலில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே "118 பாக்கெட் நனைந்துள்ளது, தார்ப்பாய் கிழிந்துள்ளது" என்று எழுதி, ஓட்டுநரின் கையெழுத்தையும் வாங்கினேன். லாரியில் இருந்தபடியே எடுத்த படங்களை மறுநாள் காலை உங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். உங்கள் ரசீதின் பின்பக்கத்தில் கிளெய்முக்கு ஏழு நாள் கெடு என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தக் கெடுவுக்குள்ளும் நாங்கள் தெரிவித்துவிட்டோம். சட்டமோ புக்கிங் தேதியிலிருந்து 180 நாள் தருகிறது, அது 10.5.2025 வரை இருக்கிறது.

ஆர்ட் பேப்பர் நனைவது சாதாரணத் தாள் நனைவதைப் போன்றதல்ல. சாதாரணத் தாளைக் காயவைத்து ஏதோ ஒன்றுக்காவது பயன்படுத்தலாம். ஆர்ட் பேப்பரின் மேல்பூச்சு தண்ணீர் பட்டதும் பசையாகி, ஒரு தாளோடு அடுத்த தாளை ஒட்டிவிடும். நனைந்த பாக்கெட் ஒன்றை நானே பிரித்துப் பார்த்தேன். 250 தாளும் சேர்ந்து ஒரே அட்டையாக இருந்தது. ஓரத்தில் நகத்தைக் கொடுத்து ஒரு தாளை உரித்தால் சரசரவென்று பூச்சு பெயர்ந்து, கீழ்த்தாளில் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு வந்தது. கையெல்லாம் வெள்ளைப் பொடி. இப்படி முழுதும் கெட்டவை 71 பாக்கெட்.

மீதி 47 பாக்கெட்டில் ஓரம் மட்டும்தான் நனைந்திருக்கிறது, "வெட்டிவிட்டு ஓட்டலாமே" என்று உங்கள் சிவகாசி கிளையில் சொன்னார்கள். நாங்களும் அப்படி ஆசைப்பட்டுத்தான் ஒரு பாக்கெட்டை மெஷினில் ஏற்றிப் பார்த்தோம். ஈரம் இழுத்த ஓரம் அப்பளம் போல நெளிந்துவிட்டதால் ஃபீடர் தாளைச் சரியாக எடுக்கவில்லை. 250 தாள் ஓடுவதற்குள் மெஷின் 11 முறை நின்றது. ஓடிய தாள்களிலும் நான்கு கலரும் ஒன்றின் மேல் ஒன்று உட்காரவில்லை. சாமி படத்தின் முகத்தில் சிவப்பு தனியே விலகி நின்றது. அந்தத் தாள்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வெட்டிச் சிறிதாக்கினாலோ, 23 x 36-க்குப் போட்ட பிளேட்டுக்கு அளவு போதாது. ஆகவே அந்த 47-ம் எங்களுக்குப் பயனில்லை. 18.11.2024 அன்று வந்து பார்த்த உரிமம் பெற்ற சர்வேயரும் தன் அறிக்கையில் இதையேதான் எழுதியிருக்கிறார். பார்வையிட உங்கள் கிளையையும் அழைத்தேன், யாரும் வரவில்லை.

நவம்பர் மாதம் சிவகாசிக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் காலண்டர்களை ஊர் ஊராகக் கொண்டு சேர்ப்பதே உங்களைப் போன்ற சர்வீஸ்கள்தான். ஆடிப் பெருக்கன்று ஆல்பம் காட்டி வாங்கிய ஆர்டர்களை ஜனவரி 1-க்கு முன்னால் கடைக்காரர் கையில் சேர்த்தாக வேண்டும். தேதி தள்ளிப்போனால் காலண்டருக்கு விலையே இல்லை. அதனால் உள்ளூரிலேயே பாக்கெட்டுக்கு ரூ. 90 கூடுதலாகக் கொடுத்து 118 பாக்கெட் வாங்கி வேலையை முடித்தோம். இரண்டு நாள் மெஷின் சும்மா நின்றது. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தேன். இந்த நஷ்டங்களை இப்போதைய தொகையில் நான் சேர்க்கவில்லை. நீங்கள் கொண்டுவந்த பொருளின் சேதத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். விஷயம் நீதிமன்றம் வரை போனால் அவற்றையும் கோரும் உரிமை எனக்கு உண்டு.

இனி, உங்கள் தரப்பில் வாய்மொழியாகச் சொன்ன பதில்களுக்கு வருகிறேன்.

முதல் பதில், மழை கடவுள் செயல் என்பது. 3.12.2024 அன்று தொலைபேசியில் பேசியவர் புயலையும் சேர்த்துச் சொன்னார். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நவம்பர் 30 அன்று. எங்கள் சரக்கு வந்து இறங்கி 16 நாள் கழித்து. நவம்பர் 13, 14-ல் வழியில் பெய்தது வடகிழக்குப் பருவமழை. அது ஐப்பசி, கார்த்திகையில் ஆண்டுதோறும் வரும் மழை. லாரித் தொழிலில் இருப்பவர்களுக்கு எதிர்பாராத ஒன்று அல்ல. பிரிவு 17-ன்படி வழியில் ஏற்படும் சேதம் எதுவானாலும் அதற்குச் சரக்கைக் கொண்டுசெல்லும் சர்வீஸே பொறுப்பு. இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான பறிமுதல், அரசின் தடை உத்தரவு ஆகிய சிலவற்றுக்கு மட்டுமே விலக்கு. உரிய கவனம் எடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்றால் அந்த விலக்கும் கிடைக்காது என்று அதே பிரிவு சொல்கிறது. ஒரு நல்ல தார்ப்பாய் போட்டிருந்தால் இந்தச் சேதம் நடந்திருக்காது. கிழிசலுக்கு அப்பால் இருந்த 82 பாக்கெட் அதே மழையில், அதே வண்டியில் காய்ந்தபடி வந்து சேர்ந்ததே இதற்குச் சாட்சி. பேக்கிங் சரியில்லை என்று சொல்வதற்கும் இடமில்லை. அந்த 82-ம் அதே மில் பேக்கிங்கில்தான் வந்தன.

இரண்டாவது, ரசீதின் பின்னால் "உரிமையாளர் பொறுப்பில்" என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பது. சரக்கைக் கொண்டுசெல்லும் சர்வீஸின் கவனக்குறைவால் வந்த சேதத்துக்கு அந்த வாசகம் கவசமாகாது என்று பழைய 1865 சட்டம் இருந்த காலத்திலேயே, 2000-ம் ஆண்டில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இன்றைய சட்டத்தின் பிரிவு 12-ம், வழக்குத் தொடுப்பவர் உங்கள் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய தேவையே இல்லை என்கிறது. நானோ படம், ஓட்டுநர் கையெழுத்து எல்லாமே வைத்திருக்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. "வாடகையில் பத்து மடங்குக்கு மேல் தர முடியாது, அதுவும் பேசித்தான் தருவோம், இப்போதைக்கு 40,000 வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார்கள். பத்து மடங்கு என்ற வரம்பு 2011-ம் ஆண்டு விதிகளின் 12-வது விதியில் இருப்பது உண்மைதான். அந்தக் கணக்குப்படி ரூ. 1,04,000 வருகிறது, நீங்கள் சொன்ன 40,000 அதற்கும் ஒட்டவில்லை. ஆனால் எங்கள் சரக்குக்கு அந்த வரம்பே பொருந்தாது. கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டு அனுப்பிய சரக்குக்கு அந்த வரம்பு இல்லை என்று பிரிவு 10 சொல்கிறது. எங்கள் ரசீதை எடுத்துப் பாருங்கள்: சரக்கின் மதிப்பு ரூ. 3,58,400 என்று எழுதப்பட்டிருக்கிறது. அதன் கீழே "கேரியர் ரிஸ்க்" என்ற கட்டத்தில் டிக் அடித்து, வாடகைக்கு மேல் தனியாக ரூ. 3,584 வசூலித்திருக்கிறீர்கள். மழைக்காலம் என்பதால் நானே வியாபாரியிடம் சொல்லிக் கட்டச் சொன்ன பணம் அது. சரக்குக்கு ஏதாவது ஆனால் முழு மதிப்பும் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்காகக் கொடுத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு, சேதம் வந்ததும் அந்தக் கட்டத்தையே மறந்துவிடுவது நியாயமில்லை.

ஆகவே நான் கேட்கும் தொகை இது:

118 பாக்கெட், பாக்கெட் ரூ. 1,600 வீதம்: ரூ. 1,88,800
அதற்கு 12 சதவீத ஜிஎஸ்டி: ரூ. 22,656
சேதமான பங்குக்கான லாரி வாடகை: ரூ. 6,136
சர்வேயர் கட்டணம்: ரூ. 3,500
மொத்தம்: ரூ. 2,21,092

ஜிஎஸ்டியை ஏன் சேர்த்தேன் என்று உங்கள் கணக்குப் பிரிவு கேட்கலாம். அழிந்துபோன சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்க முடியாது. அதனால் அந்த வரியும் என் கைநஷ்டம்தான். நனைந்த 118 பாக்கெட்டும் குடோனில் தனியாக அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. பணம் தந்த பிறகு அவற்றை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உங்கள் ஆள் முன்னிலையில் கழிவுக் காகிதமாகப் போட்டு, கிடைக்கும் தொகையை மேற்படி மொத்தத்தில் கழித்துக்கொள்ளவும் எனக்குச் சம்மதம்.

20.12.2024-க்குள் இந்தத் தொகையை எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும். சரக்கை நேரில் பார்க்க விரும்பினால் அதற்குள் எந்த நாளிலும் காலை 9 மணி முதல் மாலை 6 மணிக்குள் வரலாம். ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். தொலைபேசிப் பேச்சை இனி பதிலாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்தத் தேதிக்குள் தீர்வு இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தையே பிரிவு 16-ன் அறிவிப்பாகக் கொண்டு, வட்டி, செலவுத்தொகையுடன் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பேன்.

என் அப்பா காலத்திலிருந்து எங்கள் அச்சகத்தின் காலண்டர் பண்டல்கள் உங்கள் லாரிகளில்தான் போகின்றன. இந்த மாதமும் உங்கள் கிளையில் 60 பண்டல் புக் செய்திருக்கிறோம். அவற்றுக்காவது கிழியாத தார்ப்பாய் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மு. செல்வராணி

இணைப்பு: லாரி ரசீது இருபக்க நகல், குறிப்பும் ஓட்டுநர் கையெழுத்தும் உள்ள டெலிவரி நகல், வியாபாரியின் பில், இ-வே பில், பணம் செலுத்திய விவரம், 14.11.2024 அன்று எடுத்த 22 படங்கள், சர்வேயர் அறிக்கையும் கட்டண ரசீதும், மெஷினில் ஓட்டிப் பார்த்த தாள்களில் இரண்டு, வங்கிக் கணக்கு விவரம்.

நகல்: சிவகாசி கிளை மேலாளர், சென்னை காகித வியாபாரி.