ஜூன் 5: பாஸ்புக், கார்டு பில் பார்க்கும் நாள்

அப்பா, இந்த மாசக் கணக்கை இன்றைக்கே பார்த்துவிடுங்கள். பென்ஷன் கணக்கு, கூட்டுறவு வங்கிக் கணக்கு, கிரெடிட் கார்டு மூன்றுமே.

இந்தத் தடவை முக்கியமானது ₹20. பிரதமரின் விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம் மே கடைசி வாரத்தில் தானாகக் கழியும். PMSBY என்று போட்டிருக்கும். இரண்டு வங்கியிலும் கையெழுத்துப் போட்டிருந்தால் இரண்டிலுமே கழியும், ஆனால் காப்பீடு ஒன்றுதான் செல்லும். அப்படி இருந்தால் கூட்டுறவு வங்கியில் நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தொகை சின்னது என்று விட்டால் வருஷா வருஷம் போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம், 18ஆம் தேதி மருந்துக் கடையில் ₹1,340 "ஃபெயில்" என்று வந்து மறுபடி ஸ்கேன் செய்தீர்களே, அது இரண்டு முறை கழிந்திருக்கிறதா? கடைக்குப் போகாத பணம் 5 நாளில் திரும்பியிருக்க வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ₹100 வங்கி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கடைக்கே இரண்டு முறை போயிருந்தால் பில்லோடு அங்கேயே கேளுங்கள்.

கார்டு பில்லில் நீங்கள் வாங்காத எதுவும் இருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வேலை நாளுக்குள் சொல்வது ரொம்ப முக்கியம். மோசடி மாதிரி தெரிந்தால் 1930க்கும் அடியுங்கள்.

சந்தேகமான வரியைப் பென்சிலால் வட்டமிட்டுப் படம் அனுப்புங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன்.