வாசகசாலைக்கு ஆள் வேணுங்க, ஆனா முழுசா படிச்சுட்டு வாங்க

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கற நம்ம தமிழ் வாசகசாலைக்கு வாலண்டியர்ஸ் எடுக்கறோம். ஜூன்ல ஸ்கூல் திறக்கறதுல இருந்து மார்ச்ல எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடியற வரைக்கும். "வாரம் ஒரு மணி நேரம் போதும், தலைமைப் பண்பு வளரும்"னு எல்லாம் எழுதப் போறதில்லீங்க, அப்படி நம்பி வந்தவங்க ஆவணிக்கு முன்னாடியே காணாம போயிடறாங்க, பசங்கதான் வாசல்ல உட்கார்ந்து பார்த்துட்டிருக்கும்.

சாயங்கால கிளாஸுக்கு நாலு பேர் வேணும். தமிழ் மீடியத்துல அஞ்சாவது முதல் பத்தாவது வரை படிக்கற பசங்க, வாரம் ரெண்டு நாள், அஞ்சரை டு ஏழு. பேப்பர்ல மூணு மணி நேரம்தான், ஆனா நோட்டு திருத்தறது, சின்னதுகளை இருட்டுல ரோடு தாண்டி விடறது எல்லாம் சேர்த்தா அஞ்சு மணி நேரம் ஆயிடும். முதல் மாசம் பழைய ஆள் ஒருத்தர் ரூம்லயே இருப்பாங்க, சந்தேகப்பட்டு இல்ல, எல்லாருக்கும் அதே ரூல்தான்.

சனிக்கிழமை ஃபார்ம் டெஸ்க்குக்கு ரெண்டு பேர், ஒன்பது டு ஒண்ணு. இதுக்கு மலையாளம் பேசினா பத்தாது, வாசிக்கத் தெரியணும். வில்லேஜ் ஆபீஸ் நோட்டீஸ், வருமான சர்ட்டிபிகேட், ரேஷன் கார்டு, இதெல்லாம் எடுத்துட்டு வருவாங்க, ஆதார்ல இனிஷியலோட ஒரு பேரு, ரேஷன் கார்டுல வீட்டுப் பேரோட இன்னொரு பேரு, அது ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கறதுக்குள்ள ஒரு பாட்டியம்மாவோட காலையே போயிடும். நீங்க படிச்சுச் சொல்லி, எந்த பேப்பர் வேணும்னு லிஸ்ட் எழுதி அக்ஷயா சென்டருக்கு அனுப்பணும், அவ்ளோதான். ஓ.டி.பி. கேட்கக்கூடாது, யாரோட ஆதாரையும் உங்க போன்ல போட்டோ எடுக்கக்கூடாது, "நான் முடிச்சுத் தரேன்"னு வாக்கு குடுக்கவே கூடாது. சில சமயம் சித்தூர் தாலுக் ஆபீஸ் வரை கூடப் போக வேண்டி வரும், அன்னிக்கு மத்தியானச் சாப்பாடு மூணு மணிக்குத்தான்.

சாவிக்கும் ஒரு ஆள் வேணும். திறக்கணும், பெருக்கணும், புக் ரிஜிஸ்டர் எழுதணும். யாரும் பாராட்ட மாட்டாங்க, ஆனா இந்த ஆள் வரலைன்னா மத்த எல்லாரும் வெளியதான் நிக்கணும்.

என்ன கிடைக்கும்னா, சம்பளம் இல்ல. டிக்கெட் காட்டினா பஸ் காசு, டீ, பருப்பு வடை (மழை பெஞ்சா வடை சந்தேகம்). ஆறு மாசம் ஒழுங்கா வந்தா என்ன வேலை செஞ்சீங்களோ அதை மட்டும் எழுதி லெட்டர் குடுப்போம், அதுக்கு பி.எஸ்.சி.ல மார்க் எதுவும் கிடையாது. ஆபீஸ் மலையாளம் நல்லா பழகிடும், அது நிஜம்.

பரீட்சைக்குப் படிக்கறவங்க, ஷிப்ட் மாறி மாறி வர்றவங்க கிளாஸ் எடுத்துக்காதீங்க, ஃபார்ம் டெஸ்க்குக்கு மாசம் ரெண்டு சனிக்கிழமை வந்தா கூட சந்தோஷம். கட்சிக்காரங்க வரலாம், கொடி வீட்டுல இருக்கட்டும். நடுவுல முடியலைன்னா ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டு நின்னுக்கலாம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பத்து மணிக்கு நேர்ல வாங்க. பதினெட்டு வயசு ஆகியிருக்கணும், ஐ.டி. ஒண்ணு எடுத்துட்டு வாங்க.